நகரும் சராசரியா, ஆதரவு–தடைக் கோடா: 2020 மார்ச் சரிவை வைத்து ஓர் ஒப்பீடு

பங்கு விலை வரைபடத்தைத் திறந்தவுடன் பெரும்பாலோர் இரண்டு வேலைகளைச் செய்கிறார்கள். 50 நாள், 200 நாள் மூவிங் ஆவரேஜ்களை, அதாவது நகரும் சராசரிகளை, விலையின் மேல் ஓட விடுகிறார்கள். பிறகு விலை முன்பு எங்கே விழாமல் நின்றது, எங்கே ஏறாமல் திரும்பியது என்று பார்த்து, அந்த இடங்களில் படுக்கைக் கோடுகளை இழுக்கிறார்கள். சந்தையில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் என்று சொல்லப்படும் ஆதரவு நிலையும் தடை நிலையும் இவைதாம். இரண்டும் ஒரே திரையில் இருப்பதால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கருவிகள் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் முதலாவது கணக்கு, இரண்டாவது தீர்ப்பு. ஒரே விலைப் பட்டியலைப் பத்துப் பேரிடம் கொடுத்து 200 நாள் சராசரி என்னவென்று கேட்டால் பத்துப் பேரும் தசமப் புள்ளி வரை ஒரே விடையைச் சொல்வார்கள். ஆதரவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஐந்தாறு விடைகளாவது வரும். இவ்விரண்டைப் பற்றியும் விமர்சகர்கள் சொல்லும் குறைகள் ஒன்றல்ல என்பதற்கும், ஒன்றின் குறையை மற்றொன்றைக் கொண்டு அடைக்க முடியாது என்பதற்கும் வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பொதுவாகப் பேசுவதைவிட, நாளும் விலையும் தெரிந்த ஒரு நிகழ்வில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2020 பிப்ரவரி 19 அன்று 3,386 என்ற உச்சத்தில் முடிந்து, மார்ச் 23 அன்று 2,237-இல் முடிந்த அந்தச் சரிவை எடுத்துக்கொள்கிறேன். கீழே வருபவை, வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில், அன்றன்றைய முடிவு விலைகள்; தசமங்களைப் பெரும்பாலும் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

சராசரியின் தாமதம் எங்கிருந்து வருகிறது

200 நாள் எளிய சராசரி என்பது கடைசி 200 முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுத்த எண். இன்றைய விலை உள்ளே வரும்போது 200 நாளுக்கு முந்தைய விலை ஒன்று வெளியேறுகிறது. ஆகவே சராசரி ஏறுவதற்கு விலை ஏற வேண்டிய கட்டாயம்கூட இல்லை; வெளியேறும் பழைய விலை இன்றைய விலையைவிடக் குறைவாக இருந்தாலே போதும். இந்தச் சாதாரண விஷயத்தை மறந்துவிட்டு, சராசரி மேல்நோக்கித் திரும்பியதையே புதிய செய்தியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

எல்லா நாள்களுக்கும் ஒரே எடை இருப்பதால், இந்தச் சராசரி காட்டும் விலைகளின் நடு வயது ஏறத்தாழ 100 வர்த்தக நாள்கள். 50 நாள் சராசரிக்கு அது 24.5 நாள்கள். அண்மை நாள்களுக்கு அதிக எடை தரும் எக்ஸ்பொனென்ஷியல் வகையில் இன்றைய விலையின் எடை 2/(n+1) என்று கணக்கிடப்படுகிறது. இதில் n என்பது நாள்களின் எண்ணிக்கை; அது 200 ஆனால் எடை ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த வகை கொஞ்சம் முன்னதாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் முன்னதாகத் திரும்பும் எந்தச் சராசரியும் பொய்யாகத் திரும்புவதும் அதிகம். தாமதத்தைக் குறைத்தால் இரைச்சல் கூடும், இரைச்சலைக் குறைத்தால் தாமதம் கூடும்; இது கணக்கின் இயல்பு, அமைப்பை மாற்றித் தப்பிக்கும் வழி கிடையாது.

இப்போது 2020-க்கு வருவோம். உச்சத்திலிருந்து அடி வரை அந்தச் சரிவு முழுவதும் 23 வர்த்தக நாள்களில் முடிந்துவிட்டது. 50 நாள் சராசரியின் நடு வயதே 24.5 நாள் என்று மேலே பார்த்தோம். அதாவது, இரண்டு சராசரிகளில் வேகமானது எனக் கருதப்படும் கோடு, சரிவை முழுதாக உள்வாங்கிக்கொள்ளும் முன்பே சரிவு முடிந்துபோனது. 50 நாள் சராசரி 200 நாள் சராசரியைக் கீழ்நோக்கி வெட்டும் டெத் கிராஸ் மார்ச் 30 அன்று நிகழ்ந்தது. குறியீடு அன்று 2,627-இல் முடிந்தது. அடியிலிருந்து அதற்குள் 17 விழுக்காடு மேலே வந்தாகிவிட்டது. எதிர்த் திசையில் வெட்டும் கோல்டன் கிராஸ் ஜூலை 9 அன்று, 3,152-இல் வந்தது. 2,627-இல் விற்று 3,152-இல் வாங்கச் சொன்ன விதி அது.

இந்த விதியை மட்டும் பின்பற்றிய ஒருவரின் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2019 முடிவில் குறியீடு 3,231. 2020 முடிவில் 3,756. எதுவும் செய்யாமல் வைத்திருந்தவருக்கு, டிவிடெண்ட் நீங்கலாக, 16 விழுக்காடு லாபம். டெத் கிராஸில் விற்று கோல்டன் கிராஸில் வாங்கியவருக்குத் தரகும் வரியும் கழிக்கும் முன்பே ஏறத்தாழ 3 விழுக்காடு நட்டம்.

இரண்டு சராசரிகள் வெட்டும் வரை காத்திருக்காமல், விலை 200 நாள் சராசரிக்குக் கீழே முடிந்தால் விற்பது, மேலே முடிந்தால் வாங்குவது என்ற எளிய விதி இன்னும் வேகமானது. அது பிப்ரவரி 27 அன்றே, 2,979-இல், விற்கச் சொன்னது. நல்ல எச்சரிக்கைதான். ஆனால் அப்போது சராசரி 3,050-ஐ ஒட்டி இருந்தது, அடுத்த வாரம் விலை அதன் இரு பக்கமும் தாவியது. மார்ச் 2 அன்று 3,090, வாங்கு. மார்ச் 3 அன்று 3,003, விற்றுவிடு. மார்ச் 4 அன்று 3,130, மீண்டும் வாங்கு. மார்ச் 5 அன்று 3,024, மீண்டும் விற்றுவிடு. வர்த்தகர்கள் விப்சா என்று சொல்லும் இந்த இழுபறியில் நான்கே நாள்களில் 6 விழுக்காடு போயிற்று. அதன்பின் விலை சராசரிக்கு மேலே வந்து முடிந்தது மே 27 அன்று, 3,036-இல். மார்ச் 5 அன்று விற்ற அதே உயரத்தில்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. நடுவில் இருந்த 2,237 என்ற பள்ளத்தை அவர் பார்க்காமல் தப்பினார் என்பது மெய். அதற்குக் கிடைத்த கூலி சில வார நிம்மதி மட்டுமே.

இதைக் கொண்டு சராசரிகள் பயனற்றவை என்று முடிவு கட்டினால் அது நேர்மையாகாது. 2007 டிசம்பரில் இதே குறியீட்டில் 1,480-ஐ ஒட்டி டெத் கிராஸ் வந்தது. கோல்டன் கிராஸ் 2009 ஜூனில், 900-ஐ ஒட்டி வந்தது. இடையே குறியீடு 677 வரை இறங்கியது. அந்த முறை விதியைப் பின்பற்றியவர் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்த விலையில் திரும்ப வாங்கினார். வேறுபாடு சரிவின் வேகத்தில் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய சரிவு 17 மாதங்கள் எடுத்துக்கொண்டது. 100 நாள் தாமதம் அதில் தாங்கக்கூடிய செலவு. 2020-இல் சரிவின் நீளமே தாமதத்தைவிடச் சிறியது. ஒரு சரிவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எந்தச் சராசரி பொருந்தும் என்று சொல்ல முடியும். அது தெரிந்தவருக்குச் சராசரியே தேவையில்லை.

கோடு நின்றதா, உடைந்ததா

ஆதரவு நிலைக்குத் தாமதம் என்ற குறை கிடையாது. விலை வந்து சேரும் முன்பே கோடு காத்திருக்கிறது. அதன் பின்னால் உள்ள காரணமும் மனிதர்களுக்குப் புரியும் காரணம்: போன தடவை இந்த விலையில் வாங்கத் தவறியவர் மீண்டும் வந்தால் வாங்கலாமென்று காத்திருப்பார், அந்த விலையில் விற்றவர் தவற்றைத் திருத்திக்கொள்ள நினைப்பார், மேலே வாங்கி மாட்டிக்கொண்டவர் போட்ட காசு வந்தால் போதும் என்று தடை நிலையில் விற்பார். சராசரிக்கு இப்படி ஒரு கதை கிடையாது. 200 என்ற எண்ணை யாரும் உணர்வதில்லை.

2020 மார்ச்சில் ஒரு வரைபட வாசகர் எந்தக் கோடுகளை வைத்திருந்திருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல. 2019 ஜூன் 3 அன்று குறியீடு 2,744-இல் முடிந்து, அங்கிருந்து ஏறியது. அதற்குக் கீழே 2018 டிசம்பர் 24 அன்று முடிந்த 2,351 இருந்தது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு விலை நகர்வைப் பின்தொடரலாம்.

| 2020 | முடிவு | சராசரி சொன்னது | கோடு சொன்னது |
|---|---|---|---|
| மார்ச் 9 | 2,747 | வெளியே இரு | 2,744 ஆதரவில் வந்து நின்றது |
| மார்ச் 10 | 2,882 | வெளியே இரு | ஆதரவு பலித்தது |
| மார்ச் 11 | 2,741 | வெளியே இரு | மூன்று புள்ளி கீழே: உடைந்ததா? |
| மார்ச் 12 | 2,481 | வெளியே இரு | உடைந்தது |
| மார்ச் 18 | 2,398 | வெளியே இரு | 2,351-க்கு மேல், ஆனால் இடையில் 2,281 வரை போனது |
| மார்ச் 20 | 2,305 | வெளியே இரு | 2,351 உடைந்தது |
| மார்ச் 23 | 2,237 | வெளியே இரு | உடைந்தது உறுதி |
| மார்ச் 24 | 2,447 | வெளியே இரு | பொய் உடைப்பு |

(சராசரி என்று இங்கே குறிப்பது விலை–200 நாள் விதியை.)

மார்ச் 9-ஐயும் 10-ஐயும் மட்டும் காட்டினால் ஆதரவுக் கோட்டுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஒன்பது மாதத்துக்கு முந்தைய அடியிலிருந்து மூன்று புள்ளி தள்ளி வந்து நின்று, மறுநாளே கிட்டத்தட்ட 5 விழுக்காடு எழும்பியது. 11-ஆம் தேதியும் சேர்ந்தால் கேள்வி பிறக்கிறது. 2,741 என்பது 2,744-க்குக் கீழேதான். ஆனால் மூன்று புள்ளி என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆதரவு என்பது கோடு அல்ல, ஒரு பட்டை என்று பாடம் நடத்துபவர்கள் சொல்வார்கள். அப்படியானால் பட்டையின் அகலம் எவ்வளவு? ஒரு விழுக்காடு என்று வைத்திருந்தவர் அன்று மாலை ஆதரவு இன்னும் நிற்கிறது என்று நினைத்திருப்பார். மறுநாள் சந்தை 9.5 விழுக்காடு விழுந்தது.

2,351-இல் நடந்தது இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது. முதலில் அந்த எண்ணே ஒன்றல்ல. 2018-இல் மிகக் குறைந்த முடிவு விலை டிசம்பர் 24 அன்றைய 2,351. ஆனால் வர்த்தகத்தின் நடுவே தொட்ட மிகக் குறைந்த புள்ளி டிசம்பர் 26 அன்று, 2,346.58. முடிவு விலையை வைத்துக் கோடு போடுபவரும் ஒரு நாளின் விலை வீச்சைக் காட்டும் மெழுகுவர்த்திக் குறியின் வால் நுனியில், அதாவது நாளின் அடியில், கோடு போடுபவரும் அருகருகே வேறு வேறு கோடுகளை வைத்திருப்பார்கள். 2020 மார்ச் 18 அன்று குறியீடு வர்த்தகத்தின் நடுவே 2,280.52 வரை இறங்கி 2,398-இல் முடிந்தது. நாளின் அடியைப் பார்ப்பவருக்கு ஆதரவு அன்றே உடைந்துவிட்டது. முடிவைப் பார்ப்பவருக்கு அது அற்புதமாகத் தாங்கி நின்றது. ஒரே நாள், ஒரே மெழுகுவர்த்தி, இரண்டு எதிரெதிர் வாசிப்புகள், இரண்டுமே பாடப்புத்தகப்படி சரி.

அன்று 2,350-இல் வாங்கி, 3 விழுக்காடு கீழே, 2,280-இல் ஸ்டாப்லாஸ், அதாவது விலை அதுவரை இறங்கினால் தானாக விற்றுவிடும் ஆணை, வைத்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். நாளின் அடி 2,280.52, அரைப் புள்ளியில் தப்பினார். 23-ஆம் தேதி அவருடைய ஸ்டாப்லாஸ் அடிபட்டது. அடுத்த நாளே 2,447. ஸ்டாப்லாஸ் இல்லாமல் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவருக்கு ஆண்டு முடிவில் 60 விழுக்காடு லாபம். ஒழுங்கைக் கடைப்பிடித்தவர் நட்டத்தோடு வெளியேறினார், ஒழுங்கை மீறியவர் கொழுத்தார். இந்த ஓர் அனுபவத்தை வைத்து ஸ்டாப்லாஸ் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர் 2,744-இல் அதையே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்: இரண்டு வாரத்தில் 18 விழுக்காடு இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், எந்தக் கோடு கடைசிக் கோடு என்று தெரியாமல்.

கவனித்தீர்களானால், பட்டியலின் நான்காவது பத்தி கதையாக இருக்கிறது, மூன்றாவது பத்தி அலுப்பூட்டுகிறது. என் பார்வையில் இந்த இரண்டு கருவிகளின் குணத்தையும் இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. சராசரி தவறு செய்தபோது அதன் தவறு பதிவாகிவிட்டது: இன்ன தேதி, இன்ன விலை, இவ்வளவு நட்டம். கோடு தவறு செய்தபோது அந்தத் தவற்றுக்கு ஒரு பெயர் தயாராக இருந்தது. நின்றால் ஆதரவு, உடைந்தால் உடைப்பு, உடைந்து திரும்பினால் பொய் உடைப்பு. எந்த முடிவு வந்தாலும் அதை விளக்கும் சொல் அகராதியில் இருக்கிறது.

சராசரியைப் பற்றி விமர்சகர்கள் சொல்வது: சோதித்தோம், மெலிந்தது

சராசரி கணக்காக இருப்பதால் அதைப் பழைய தரவில் ஓட்டிப் பார்க்க முடியும், பார்த்திருக்கிறார்கள். 1992-இல் பிராக், லகோனிஷாக், லபாரன் ஆகிய மூவரும் டவ் ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையிலான தரவில் 26 எளிய விதிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை சராசரி விதிகள். மீதி, கடந்த 50, 150 அல்லது 200 நாளின் உச்சத்தை விலை கடந்தால் வாங்கு, அடியை உடைத்தால் விற்றுவிடு என்ற வகை. அதாவது ஆதரவையும் தடையையும் கையால் வரையாமல் எண்ணால் வரையறுத்தார்கள். வாங்கச் சொன்ன நாள்களுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு என்ற வீதத்தில் விலை ஏறியது. விற்கச் சொன்ன நாள்களுக்குப் பின் 7 விழுக்காடு என்ற வீதத்தில் இறங்கியது. தற்செயலாக இப்படி வர வாய்ப்பு மிகக் குறைவு. வரைபட வாசகர்கள் இன்றும் சுட்டிக்காட்டும் ஆய்வு இதுதான், சுட்டிக்காட்டத் தகுந்ததும்கூட.

அதற்கு வந்த இரண்டு பதில்கள் தெளிவானவை. முதல் பதில் செலவைப் பற்றியது. பெஸம்பைண்டர், சான் ஆகிய இருவரும் 1998-இல், இந்த விதிகளின் லாபத்தை முழுதாகத் தின்றுவிட ஒரு முறை வாங்கவோ விற்கவோ எவ்வளவு செலவு ஆனால் போதும் என்று கணக்கிட்டார்கள். முழுக் காலத்துக்கும் அது 0.39 விழுக்காடு, 1975-க்குப் பிறகு 0.22 விழுக்காடு மட்டுமே. இந்தியாவில் பங்கை டெலிவரியாக வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி மட்டுமே தலா 0.1 விழுக்காடு என்பதோடு ஒப்பிட்டால் அந்த எண் எவ்வளவு ஒல்லியானது என்பது விளங்கும். தரகும் முத்திரைத் தீர்வையும், கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இடைவெளியும், குறுகிய கால ஆதாய வரியும் அதற்கு மேல்.

இரண்டாவது பதில் ஆழமானது. அந்த 26 விதிகள் எங்கிருந்து வந்தன? பல தலைமுறை வர்த்தகர்கள் ஆயிரக்கணக்கான விதிகளை முயன்று, பலித்தவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்த பிறகு மிஞ்சியவை. பிழைத்தவற்றை மட்டும் சோதித்தால் அவை தேறத்தான் செய்யும். 1999-இல் சல்லிவன், டிம்மர்மன், ஒயிட் மூவரும் 7,846 விதிகளை ஒன்றாகத் திரட்டி, இவ்வளவு விதிகளில் மிகச் சிறந்ததைப் பொறுக்கி எடுக்கும்போது அதிர்ஷ்டமே எவ்வளவு நல்ல பெயர் வாங்கித் தரும் என்பதையும் கழித்துப் பார்த்தார்கள். வியப்பாக, 1986 வரையிலான தரவில் சிறந்த விதி அந்தக் கழிவையும் தாங்கி நின்றது. ஆனால் 1987 முதல் 1996 வரையிலான, முன்பு யாரும் தொடாத பத்தாண்டுத் தரவில் அதே விதி தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய நாளில் உண்மையாகவே இருந்த ஏதோ ஒன்று போய்விட்டதா, அல்லது எல்லோரும் தெரிந்துகொண்டதால் தின்று தீர்க்கப்பட்டதா என்பதை அந்தத் தரவிலிருந்து மட்டும் சொல்ல முடியாது.

கோட்டைப் பற்றி அவர்கள் சொல்வது: எதைச் சோதிப்பது?

ஆதரவுக் கோட்டின் மேல் வரும் குற்றச்சாட்டு வேறு வகை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ் 1959-இல் சீரற்ற எண்களை எடுத்து, அவற்றை வாராந்திர விலை மாற்றங்களாகக் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி ஒரு வரைபடம் தயாரித்தார். பார்ப்பதற்கு அசல் பங்குச்சந்தைக் குறியீடு போலவே இருந்தது. உச்சிகளும் பள்ளங்களும், ஒரே இடத்தில் இரண்டு முறை நின்று திரும்பிய இடங்களும் இருந்தன. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நூறு முறை நாணயத்தைச் சுண்டி, தலைக்கு ஒன்று ஏற்றி, பூவுக்கு ஒன்று இறக்கி ஒரு தாளில் வரையுங்கள். பிறகு வரைபடம் பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஆதரவைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் காட்டிவிடுவார். நினைவே இல்லாத நாணயம் எந்த ஆதரவையும் வைத்திருக்க முடியாது என்பதால், அவர் காட்டுவது கண்ணின் வேலை.

ஆனால் நாணயத்தில் ஆதரவு தெரிகிறது என்பதால் சந்தையில் ஆதரவு இல்லை என்றாகிவிடாது. விமர்சகர்களில் பலர் இந்த இடத்தில் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். சரியான கேள்வி வேறு: ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கோட்டில் விலை திரும்புவது, சும்மா போட்ட கோட்டில் திரும்புவதைவிட அதிகமா?

நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த கரோல் ஆஸ்லர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. ஆறு நிறுவனங்கள் 1996 முதல் 1998 வரை தங்கள் வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் அனுப்பிய அந்நியச் செலாவணி ஆதரவு–தடை நிலைகளை அவர் சேகரித்தார். டாலருக்கு எதிராக ஜெர்மன் மார்க், யென், பவுண்ட் என மூன்று ஜோடிகள். எல்லாம் விலை வரும் முன்பே எழுதப்பட்டவை; பின்னால் வந்து பொய் உடைப்பு என்று பெயர் மாற்ற வழியில்லை. அவற்றோடு ஒப்பிட, தன்னிச்சையாக 10,000 தொகுதிப் பொய்க் கோடுகளையும் கணினியால் உருவாக்கினார். விளைவில் இரு தரப்புக்கும் கசப்பான பங்கு உண்டு. நிறுவனங்கள் சொன்ன கோடுகளில் விலை திரும்பியது சுமார் 60 விழுக்காடு. பொய்க் கோடுகளில் சுமார் 56 விழுக்காடு. வேறுபாடு தற்செயலல்ல என்பது புள்ளியியல்படி உறுதி, ஆகவே ஆதரவு வெறும் மாயை என்பவர் தோற்கிறார். ஆனால் எந்தப் பொருளும் இல்லாத கோட்டில்கூடப் பாதிக்கு மேற்பட்ட முறை விலை திரும்புகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. என் கோட்டில் பத்துக்கு ஆறு முறை திரும்பியது என்று பெருமைப்படுபவருக்கு, அந்த ஆறில் ஐந்தரைக்கும் மேல் எந்தக் கோட்டிலும் கிடைத்திருக்கும்.

அந்தச் சிறு மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஆஸ்லரே பிறகு விடை தேடினார். 2003-இல் வெளியான ஆய்வில், ஒரு பெரிய வங்கியிடம் வாடிக்கையாளர்கள் உண்மையில் வைத்திருந்த ஆணைகளைப் பார்த்தார். லாபத்தைப் பதிவு செய்யும் ஆணைகள் 00 என்று முடியும் முழு எண்களின் மேலேயே குவிந்திருந்தன. ஸ்டாப்லாஸ் ஆணைகள் அந்த முழு எண்களைச் சற்றுத் தாண்டிக் குவிந்திருந்தன. விலை முழு எண்ணை நெருங்கும்போது முதல் கும்பல் அதைத் தடுக்கிறது. தாண்டிவிட்டால் இரண்டாவது கும்பல் அதை விரட்டுகிறது. வரைபட வாசகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த இரண்டு விஷயங்கள், அதாவது ஆதரவில் விலை திரும்பும் என்பதும் உடைந்தால் வேகமாக ஓடும் என்பதும், ஆணைப் புத்தகத்தில் அப்படியே கிடந்தன. எனக்குத் தெரிந்த வரையில் சார்ட் வாசிப்புக்கு ஆதரவாக வந்த மிகத் திடமான சான்று இதுதான், அதைக் கொண்டுவந்தவர் சார்ட் வியாபாரி அல்ல என்பது கூடுதல் சுவை. ஆனால் அந்தச் சான்று முழு எண்களுக்கானது. 2,744-க்கும் 2,351-க்கும் அது தானாகப் போய்ச் சேராது.

எல்லோரும் நம்புவதால்தான் பலிக்கிறது என்ற வாதத்தையும் இங்கே தொட்டுவிடலாம். 2,350-இல் கூட்டம் வாங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தால், கொஞ்சம் சாமர்த்தியமானவர் 2,360-இல் வாங்குவார், அவரை முந்த நினைப்பவர் 2,370-இல் வாங்குவார். நம்பிக்கை கோட்டைக் காப்பாற்றுவதைப் போலவே இடம் மாற்றியும் விடும்.

எதை வைத்துக்கொள்வது

மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறியீட்டு நிதியில் போட்டுவிட்டு, 2008 போன்ற நீண்ட சரிவை மட்டும் அஞ்சுபவருக்கு நான் சராசரியைத்தான் சொல்வேன், அதையும் மாதத்துக்கு ஒரு முறை மட்டும் பார்க்கச் சொல்வேன். அவர் விப்சாவுக்கும் 2020 போன்ற ஆண்டுக்கும் கொடுக்கப்போகும் விலை முன்பே தெரியும். அது காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் மாதிரி. லாபம் தரும் என்று நினைத்து அதை வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். வாங்குவதா வேண்டாமா என்று ஏற்கெனவே வேறு காரணங்களால் முடிவு செய்துவிட்டு, எந்த விலையில் ஆணையை வைப்பது என்று மட்டும் தேடுபவருக்குக் கோடு உதவும்: ஸ்டாப்லாஸை முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே, எல்லோரும் வைக்கும் இடத்தில், வைக்காமல் இருப்பதற்காவது.

இரண்டையும் சேர்த்து வைத்து, சராசரியும் ஆதரவும் ஒரே இடத்தில் சந்தித்தால் நம்பலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஏதாவது இரண்டு எங்காவது சந்தித்தே தீரும். 20, 50, 100, 200 நாள் என நான்கு சராசரிகளும் ஐந்தாறு படுக்கைக் கோடுகளும் இருக்கும் திரையில், அப்படியொரு சந்திப்பு இல்லாத விலையைத் தேடுவதுதான் கடினம்.

தன் கோடுகள் ஆஸ்லரின் நிறுவனங்களைப் போலவாவது வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு வழி இருக்கிறது. விலை வரும் முன் கோட்டையும், பட்டையின் அகலத்தையும், முடிவு விலையா நாளின் அடியா என்பதையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கோட்டையும் எழுதி வைக்க வேண்டும். விலை தொட்டபோதெல்லாம் இரண்டின் முடிவையும் குறித்துக்கொள்ள வேண்டும். 60-க்கும் 56-க்கும் உள்ள வேறுபாட்டைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய, பொய்க் கோட்டின் 56-ஐ உறுதியான அளவாக எடுத்துக்கொண்டாலும், குறைந்தது 600 தொடுகைகள் வேண்டும். வாரத்துக்கு இரண்டு கிடைத்தால் நோட்டு நிறைய ஆறு ஆண்டுகள் ஆகும்.